யாரும் இல்லாத ஆறு நிமிடம்

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மைசூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்தேன். காலையில் ஆங்கிலம், மாலையில் கன்னடம், வாரம் இரண்டு நாள் சுருக்கெழுத்து. அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்று விஜயநகரில் வீடு கட்டியிருந்தார். அந்த வீட்டில் அப்பா, அம்மா, அண்ணா, நான்.

அண்ணா என்னைவிட ஏழு வயது பெரியவன். அவனுக்கு இருபத்திரண்டு வயதானபோது ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டே பின்வாசலில் நின்றவன், பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னிடம், "எல்லாம் ஒண்ணுதான். உனக்குத் தெரியலையா?" என்று கேட்டான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. ஒரு மாதத்தில் அவனுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. அப்பா சாப்பாட்டில் எதையோ கலக்கிறார் என்றான். ஆறு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தோம். பிறகு மாத்திரையில் நிலைப்பட்டான். ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குப் போனான், மதியம் வந்து தூங்கினான், அதிகம் பேசமாட்டான். எங்கள் வீட்டில் 'ஒண்ணு' என்கிற வார்த்தையைக்கூட எல்லாரும் பார்த்துத்தான் பயன்படுத்தினோம் என்று தோன்றும்.

இது தெரிந்தால்தான் நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்பது புரியும்.

ஜூலை மாதம், முற்பகல் பதினோரு மணி இருக்கும். வெளியே மழை. பன்னிரண்டு பெண்களுக்குப் பத்து நிமிட வேகத் தேர்வு வைத்திருந்தேன். என் கையில் ஸ்டாப்வாட்ச். பத்து நிமிடம் ஆனதும் மேஜை மணியைத் தட்ட வேண்டும். நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று மூன்றாவது வரிசையில் ஒரு பெண்ணின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் 'a' அடிக்கும்போது சுண்டுவிரலைச் சரியாகத் தூக்குவதில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

பிறகு நினைக்கிறவள் இல்லை.

இதை இப்படித்தான் சொல்ல முடிகிறது. மெஷின்கள் இருந்தன, சத்தம் இருந்தது, விரல்கள் இருந்தன, மழை இருந்தது, சேலை கட்டிய ஒரு உடம்பு நின்றுகொண்டிருந்தது. எதுவும் மங்கவில்லை, எல்லாம் அதனதன் உருவத்திலேயே இருந்தது. ஆனால் இவையெல்லாம் தனித்தனிப் பொருள்கள் என்பது போய்விட்டது. பார்க்கிற இடம் ஒன்று, பார்க்கப்படுகிற இடம் இன்னொன்று என்று இல்லை. தட்டுகிற விரலும் அடிபடுகிற ரிப்பனும் கேட்கிற காதும் ஒரே நிகழ்ச்சி. அது முன்பே எப்போதும் அப்படித்தான் இருந்தது என்பது தெரிந்தது. நினைத்ததோ நம்பியதோ இல்லை, தெரிந்தது. அதில் முன்னால் பின்னால் என்று ஒன்றும் இல்லை. பயமும் இல்லை. வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன்னும் அறிந்ததில்லை, பின்னும் அறிந்ததில்லை.

"மேடம், மணி அடிக்கலையா?"

முதல் வரிசைப் பெண் கேட்டாள். இரண்டு பேர் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் பாடம் முடிந்து மறுபடி முதலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைப் பார்த்தேன். ஸ்டாப்வாட்ச் பதினாறு நிமிடத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

மணியை அடித்தேன். தாள்களை வாங்கினேன். நேராகப் பின்னறைக்குப் போய் ஒரு வீணான தாளின் பின்பக்கத்தில் நடந்ததைச் சுருக்கெழுத்தில் எழுதினேன். மறந்துவிடும் என்பதற்காக இல்லை. எனக்குப் புத்தி சரியாக இருக்கிறதா, கோர்வையாக எழுத வருகிறதா என்று பார்க்கத்தான். எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோது இரண்டாவது வரியில் 'எல்லாம் ஒன்று' என்று இருந்தது. அண்ணாவின் வார்த்தை. தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டேன்.

அந்த நாளிலிருந்து பயம்தான். வந்தது இனிமையாக இருந்தது என்பதே பயத்தின் பெரிய பங்கு. நான் என்று ஒருத்தி இல்லாமல் ஆறு நிமிடம் எல்லாம் நன்றாகவே நடந்திருக்கிறது. அப்பாவின் மகள் இல்லை, அண்ணாவின் தங்கை இல்லை, அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அப்படியானால் மறுபடி வந்தால் நான் திரும்பி வர விரும்புவேனா? இப்படித்தான் அண்ணாவும் ஒரு காலை பல் தேய்த்துக்கொண்டே போய்விட்டானா?

எதையும் நீண்ட நேரம் பார்ப்பதை விட்டேன். ஒரே மாதிரி கேட்கிற சத்தங்களைத் தவிர்த்தேன். குக்கர் விசில் வரும்வரை சமையலறையில் தனியாக நிற்கமாட்டேன். இன்ஸ்டிட்யூட்டில் இடது மணிக்கட்டை வலது கை நகத்தால் அழுத்திக்கொண்டே நடப்பேன், சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு. அம்மா ஒருநாள் அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு வளையல் கடிக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

செப்டம்பரில் இன்ஸ்டிட்யூட் முதலாளி எனக்கு ஒரு கூடுதல் வேலை பிடித்துக்கொடுத்தார். பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியை. ஐம்பது வயது இருக்கும், கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். அவரிடம் ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகள். ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைக்காகப் பலரிடம் பேசிப் பதிவு செய்தவை. தமிழிலும் கன்னடத்திலும் இருப்பதைக் கேட்டு அப்படியே டைப் செய்ய வேண்டும், இருமல் இடைவெளி எல்லாம் உட்பட. எதைப் பற்றி என்று கேட்டேன். வெவ்வேறு மதக்காரர்கள், மதமே இல்லாதவர்கள், தங்களுக்கு நேர்ந்த ஒரு அபூர்வ அனுபவத்தைச் சொல்கிறார்கள் என்றார். எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

முதல் கேசட் கொள்ளேகால் பக்கம் ஒரு கன்னியர் மடத்துச் சிஸ்டர். தமிழ். ஹெட்போனில் அவர் குரல் கேட்ட பத்தாவது நிமிடத்தில் நான் டேப்பை நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன்.

அவர் சொன்னது இது. மாலை ஜெபம் முடிந்து எல்லாரும் போன பிறகு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஜெபத்தின் வார்த்தைகள் ஒவ்வொன்றாக விழுந்துவிட்டன. பிறகு நினைப்புகள் விழுந்தன. உடம்பு எங்கே முடிகிறது என்பது தெரியவில்லை. கடைசியில் 'நான் ஜெபிக்கிறேன்' என்பதும் விழுந்தது. இருட்டு என்று சொல்லலாம், ஆனால் அது இருட்டு இல்லை. அன்பு என்று சொல்லலாம், ஆனால் யார் யாரிடம் வைத்த அன்பு என்று கேட்டால் பதில் இல்லை. எவ்வளவு நேரம் என்று பேராசிரியை கேட்கிறார். "நேரம்னு அங்க ஒண்ணும் இல்ல. மணி அடிச்சப்ப எழுந்தேன். மணி எப்பவும் அடிக்கிற மணிதான்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதைத்தான் என்னால் கேட்க முடியவில்லை. மூன்று மாதம் அவர் தனியாக ஜெபிக்கப் போகவில்லை. பாத்திரம் கழுவுகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "பயம்மா. நான் இல்லாம போயிட்டேன்ல."

அடுத்த நாள் திரும்பப் போய் மிச்சத்தை டைப் செய்தேன். பிறகு ஒவ்வொன்றாக, மொத்தம் பத்தொன்பது கேசட். மண்டி மொஹல்லாவில் ஒரு மோட்டார் மெக்கானிக், வியாழக்கிழமைகளில் கூடி இறைவன் பெயரை மூச்சோடு சொல்கிறவர். பெயரைச் சொல்கிறவன் மறைந்து பெயர் மட்டும் தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தது என்றார். மேல்கோட்டையில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், ஸ்ரீவைஷ்ணவர். பைலகுப்பேயிலிருந்து ஒரு திபெத்திய பிக்கு, கன்னடம் தெரிந்தவர். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலை ஃபிட்டர், சாமி பூதம் எதையும் நம்பாதவர். வேலை முடிந்து பைப் திறந்து கை கழுவும்போது அவருக்கு நேர்ந்தது. தண்ணீரும் கிரீஸும் கையும் சுவரும் அப்படியே இருந்தன, ஆனால் இரண்டாவது என்று ஒன்று இல்லை என்றார். அந்த வாக்கியத்தை அடிக்கும்போது என் விரல்கள் வேறு எழுத்துகளில் விழுந்து தாளைக் கிழிக்க வேண்டியதாயிற்று.

ஒருவரையொருவர் அறியாதவர்கள். எல்லாரும் முதலில், இதைச் சொல்லவே முடியாது என்றார்கள். பிறகு ஒரு மணி நேரம் சொன்னார்கள். எல்லாரும் தானாக வந்தது, நான் கூப்பிடவில்லை என்றார்கள். பயிற்சி செய்தவர்கள்கூடப் பயிற்சி வாசல்வரைதான் கொண்டுபோனது என்றார்கள். கொஞ்ச நேரம்தான் இருந்தது, போய்விட்டது, ஆனால் இப்போது நாம் பேசிக்கொண்டிருப்பதைவிட அது நிஜம் என்றார்கள்.

இது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று யாரும் நினைக்கலாம். இல்லை. என் நோய் இவ்வளவு பேருக்கா என்றுதான் தோன்றியது.

டைப் செய்ததைப் பேராசிரியை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பார்த்தேன். பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுவார். நடந்தது என்ன என்பது இடப்பக்கம், அதற்கு அவர்கள் வைத்த பெயர் வலப்பக்கம். சிஸ்டர் வலப்பக்கத்தில் இயேசு என்றார், மெக்கானிக் அல்லாஹ் என்றார், ஃபிட்டர் ஒன்றும் சொல்லவில்லை. வலப்பக்கத்தை மறைத்துப் படித்தால் யார் எவர் என்று கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்தது. பேட்டியில் 'ஒன்று', 'காலம்' என்கிற வார்த்தைகளை அவர் முதலில் சொல்லவே மாட்டார். அவர்களாகச் சொன்னால் அடிக்கோடு. அவர் கேட்டுச் சொன்னால் ஒரு சிறிய கேள்விக்குறி. கண் திறந்திருக்கும்போது பொருள்களின் ஊடாக வந்த ஒருமை ஒரு கட்டு, கண்ணை மூடி எல்லாம் கழன்றபின் வந்தது இன்னொரு கட்டு. இரண்டையும் கலக்கக்கூடாது என்பார்.

எல்லாம் ஒன்றே என்று அவர் சட்டென்று முடிவு கட்டுகிறவரும் இல்லை. தலைமை ஆசிரியர், நான் கரையவில்லை, பெருமாளுடையவனாக இருந்தேன், கரைந்தேன் என்று எழுதிவிடாதீர்கள் என்று இரண்டு முறை எச்சரித்திருந்தார். பிக்கு, ஒன்று என்றும் சொல்லாதீர்கள், ஒன்று என்று பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை என்றார். ஒரே அனுபவத்துக்கு வேறு வேறு பெயரா, அல்லது வளர்ந்த முறையே அனுபவத்தை வேறாக ஆக்கிவிடுகிறதா என்பது தனக்கு இன்னும் தெரியவில்லை என்று பேராசிரியை சொன்னார்.

நவம்பரில் நான் ஒரு காரியம் செய்தேன். இருபதாவது பேட்டி என்று எண் போட்டு, என்னுடையதை மூன்று பக்கம் டைப் செய்து, மற்றவற்றோடு சேர்த்து வைத்துவிட்டேன். பெயர் எந்தப் பேட்டியிலும் கிடையாது. அவர் படித்துவிட்டு அந்தக் கட்டுகளில் ஒன்றில் சேர்ப்பாரா, அல்லது இது வேறு, இது நோய் என்று ஒதுக்குவாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். நேராகக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

நாலு நாள் கழித்துக் கூப்பிட்டார். மேஜையில் அந்த மூன்று பக்கம் மட்டும் இருந்தது.

"இருபதுக்குக் கேசட் இல்லையே," என்றார்.

தாள்களை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது நீயா?"

தலையை ஆட்டினேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். இதைத் தன்னால் எடுத்துக்கொள்ள முடியாது என்றார். பத்தொன்பது பேர் சொன்னதைக் காதில் வாங்கிவிட்டு எழுதியிருக்கிறேன், இதில் எது என் வார்த்தை, எது அவர்களுடையது என்று எனக்கே தெரியாது என்றார்.

நான் நினைவு வைத்திருப்பதே என்னுடையது இல்லையா? கைப்பையில் நான்காக மடித்து வைத்திருந்த சுருக்கெழுத்துத் தாளை எடுத்தேன். இது அன்றே எழுதியது, இந்த வேலைக்கு இரண்டு மாதம் முன்பு என்றேன். படிக்கச் சொன்னார். படித்தேன். டைப் செய்த மூன்று பக்கத்தைவிட அது அசிங்கமாக இருந்தது. 'மணி அடிக்கிறவள் இல்லை. எல்லாம் ஒன்று. தெரிந்தது. நேரமே இல்லை. ரொம்ப நன்றாக இருக்கிறது. இருந்தது. பயம். வாட்ச் 16.' அவ்வளவுதான்.

அவர் ஒவ்வொரு பேட்டிக்கும் வைத்திருக்கும் பட்டியல் தாளை எடுத்து என் முன்னாலேயே குறித்தார். ஒருமை இருந்தது. காலம் இல்லாதது இருந்தது. தெரிந்தது என்கிற உறுதி இருந்தது. நிம்மதி இருந்தது. தெய்வீகம் என்று நான் எங்கும் சொல்லவில்லை, அதை வெறுமையாக விட்டார். பயத்தைத் தனியாக ஓரத்தில் எழுதினார். பயம் உள்ளே இல்லை, பின்னால் வந்தது, அது வேறு விஷயம் என்றார்.

அப்போது அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். முதல் முறையாக வெளியாள் ஒருவரிடம். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"பைத்தியமா இல்லையான்னு என்னைக் கேக்காதே. இது ஒரே மாதிரி இருக்குன்னுதான் என்னால சொல்ல முடியும். எதனால வந்ததுன்னு இந்தத் தாள் சொல்லாது. வலிப்பு நோயிலகூட சில பேருக்கு இப்படி வரும். முதல்ல டாக்டரைப் பாரு."

அவர் பொய்யாகத் தைரியம் சொல்லியிருந்தால் அன்று மாலைக்குள் அது கரைந்திருக்கும். ஆனால் அன்று எனக்கு அவர் மேல் வெறுப்புத்தான் வந்தது.

டாக்டரிடம் யாரோடு போவது? அப்பா அம்மாவிடம் சொல்ல முடியாது. இன்னொரு பிள்ளையுமா என்று அவர்கள் முகம் போகிற போக்கை என்னால் பார்க்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அண்ணா தூங்கி எழுந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவனிடமே சொன்னேன். அவன் ஒரு பனியனை மடித்தபடியே கேட்டான்.

"யாராவது உங்கிட்ட பேசினாங்களா?"

"இல்லண்ணா."

"உன்னை மட்டும் குறிவச்சு நடந்த மாதிரி இருந்துச்சா?"

"என்னையே காணோம்."

"எனக்கு எல்லாமே என்னைப் பத்தித்தான் இருந்துச்சு. ரேடியோ, பஸ் நம்பர், எல்லாம்." பனியனை அடுக்கில் வைத்தான். "நாளைக்கு லீவு போடறேன். எங்க டாக்டர்கிட்ட போலாம்."

அவனுடைய மனநல மருத்துவர் என்னிடம் முக்கால் மணி நேரம் கேட்டார். தூக்கம், பசி, வேலை, யார் மேலாவது சந்தேகம், குரல்கள். அது நிஜம்தான் என்று இப்போதும் நினைக்கிறாயா என்றார். அப்போது நிஜமாக இருந்தது, இப்போது தெரியவில்லை என்றேன். அந்தத் 'தெரியவில்லை'யை எழுதிக்கொண்டார். பிறகு நரம்பு மருத்துவரிடம் அனுப்பினார். கருகின வாசனை வந்ததா, கை கால் இழுத்ததா, நாக்கைக் கடித்துக்கொண்டேனா, முடிந்ததும் குழப்பமோ தூக்கமோ வந்ததா, ஏற்கெனவே நடந்தது திரும்ப நடப்பதுபோல் அடிக்கடி இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். தலையில் பசை தடவி வயர்களை ஒட்டி, படுக்கவைத்து, கண்ணில் வெளிச்சம் மின்னவைத்தார்கள். மூளை அலைகளைத் தாளில் வரைகிற பேனாக்கள் ஒரே மாதிரி உரசுகிற சத்தம் கேட்டபோது, இதோ வருகிறது என்று உடம்பெல்லாம் வியர்த்தது. மணிக்கட்டை அழுத்த முடியாது, அசையக்கூடாது என்றிருந்தார்கள். அந்த இருபது நிமிடம்தான் என் வாழ்க்கையில் நான் மிக அதிகம் பயந்த நேரம். ஒன்றும் வரவில்லை. வெறும் பசை ஈரமும் வெளிச்சமும்.

அறிக்கை சரியாக இருந்தது. ஒரு தடவை சரியாக இருந்தால் வலிப்பு இல்லவே இல்லை என்று அர்த்தமாகாது, மறுபடி வந்தால் உடனே வா என்றார் டாக்டர். மனநல மருத்துவரும் அப்படித்தான் சொன்னார். வந்தது சிறிது நேரம், போனபின் வேலை கெடவில்லை, குரல் இல்லை, சந்தேகம் இல்லை, இப்போதைக்கு மருந்து தேவையில்லை, ஆறு மாதம் கழித்துக் காட்டு. 'இப்போதைக்கு' என்கிற அந்தச் சொல்லோடு பல நாள் இருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணா தூங்கிவிட்டான். மாத்திரை அப்படித்தான் செய்யும். ஒரே வார்த்தையைச் சொல்லி அவன் ஒரு பக்கம் போனான், நான் இன்னொரு பக்கம் வந்தேன். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அவன் தலை என் தோளில் விழுந்து கனத்தது. அதை நகர்த்தவில்லை. இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே எழுப்பினேன், அவனுக்கு முழுசாக விழிக்க நேரமாகும்.

பேராசிரியையின் கட்டுரையில் என் பேட்டி வரவில்லை. பின்னிணைப்பில்கூட வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். கடைசி கேசட்டை ஒப்படைத்த அன்று அவர், கொள்ளேகால் சிஸ்டருக்குக் கடிதம் எழுத விரும்புகிறாயா என்று கேட்டார். சிஸ்டரிடம் முன்பே சம்மதம் வாங்கி வைத்திருந்தார். எழுதினேன். எவ்வளவு காலம் பயந்தீர்கள், எப்படிப் போயிற்று என்று மட்டும் கேட்டேன். பதில் ஒரு இன்லேண்ட் லெட்டரில் வந்தது. மூன்று மாதம் கழித்துத் தலைமைச் சிஸ்டர் தன்னை மறுபடி ஜெபத்துக்கு அனுப்பியதாகவும், பயம் உடனே போகவில்லை என்றும், இரண்டு வருடம் கூடவே இருந்து பிறகு எப்போது போனதென்று கவனிக்கவில்லை என்றும் எழுதியிருந்தார். எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. அந்த ஆறு நிமிடம் மறுபடி வரவே இல்லை. வரவேண்டும் என்று நான் ஆசைப்பட்ட நாட்களும் உண்டு, அந்த ஆசைதான் கடைசிவரை என்னைப் பயமுறுத்தியது.